p = 0.04 எதைச் சொல்லவில்லை? மருத்துவ மாணவர்களுக்கான கேள்வி-பதில் தாள்

ஜர்னல் கிளப்பில் கட்டுரை வாசிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் நேராகப் பி-மதிப்புக்குத் தாவுகிறார்கள். 0.05-க்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது, மேலே இருந்தால் செய்யவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணிலிருந்து எழும் கேள்விகளை இங்கே வரிசையாக எடுத்துக்கொள்கிறோம். வரிசை முக்கியம். முதல் மூன்று பகுதிகள் பிடிபடாமல் ஏழாவதுக்குப் போனால் அது வெறும் மனப்பாடமாகத்தான் நிற்கும்.

தாள் முழுக்க ஒரே உதாரணம்தான்: மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியாக மெக்னீசியம் சல்ஃபேட் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள். இந்தக் கேள்விக்கு `p = 0.04`, `p = 0.07`, `p = 0.96` என மூன்று விடைகள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்தன. பி-மதிப்பைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

## 1. பி-மதிப்பைப் பார்க்கும் முன் எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும்?

ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இரண்டு குழுக்கள் ஒப்பிடப்பட்டன, எந்த விளைவு எண்ணப்பட்டது, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், விளைவு எத்தனை சதவீதம், வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி எவ்வளவு. பி-மதிப்பு ஆறாவதாக வரட்டும்.

காரணம் எளிது. பி-மதிப்பு என்பது வித்தியாசத்தின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகப் பிசைந்து செய்த எண். பிசைந்த பிறகு இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

1992-இல் வெளியான லிமிட்-2 ஆய்வுக்கு இந்தக் குறிப்பு இப்படி இருக்கும். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 2,316 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மெக்னீசியம், மீதிப் பேருக்குப் பிளசீபோ. விளைவு, 28 நாட்களுக்குள் மரணம். மெக்னீசியம் குழுவில் 7.8%, பிளசீபோ குழுவில் 10.3%. இறப்பு ஒப்பீட்டளவில் 24% குறைவு. அதன் 95% இடைவெளி 1% முதல் 43% வரை. இவ்வளவையும் எழுதிய பிறகு: `p = 0.04`.

## 2. அந்த 0.04 எங்கிருந்து வருகிறது?

வித்தியாசம் நூற்றுக்கு 2.5 மரணங்கள். மெக்னீசியம் ஒன்றுமே செய்யாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்யுங்கள். இரு குழுக்களின் உண்மையான இறப்பு விகிதமும் ஒன்றே, சுமார் 9%. வகுப்பில் 'நல் ஹைப்பாதிசிஸ்' என்று சொல்லும் இன்மைக் கருதுகோள் இதுதான்.

அந்த உலகத்திலும் இரு குழுக்களின் எண்கள் அச்சாக ஒன்றுபோல் வராது. யார் எந்தக் குழுவுக்குப் போனார் என்ற குலுக்கலாலேயே சற்று ஏறி இறங்கும். குழுவுக்குச் சுமார் 1,158 பேர் என்றால் அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்டப் பிழை, 1.2 அளவுக்கு வரும். கிடைத்த 2.5-ஐ அதால் வகுத்தால் சுமார் 2.1. இந்த அளவோ இதைவிட அதிகமோ, எந்தப் பக்கமாக இருந்தாலும், எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்று பார்த்தால் 100-க்கு 4 முறை.

`R` மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதை நேரடியாகவே பார்க்கலாம். மருந்து வேலை செய்யாத உலகில் 10,000 ஆய்வுகளை நடத்திக் காட்டும் நிரல் இது:

```
p <- replicate(10000, {
  x <- rbinom(2, 1158, 0.09)
  prop.test(x, c(1158, 1158), correct = FALSE)$p.value
})
mean(p <= 0.04)
```

விடை 0.04-ஐ ஒட்டி வரும். நிரலில் மருந்தின் பலன் என்று எதுவும் எழுதப்படவே இல்லை. இரு குழுக்களுக்கும் 0.09 தான். ஆகவே பி-மதிப்பு சொல்வது இவ்வளவுதான்: மருந்துக்குப் பலன் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆய்வும் ஒழுங்காக நடந்திருந்தால், இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் எவ்வளவு அடிக்கடி தோன்றும். அந்த 'வைத்துக்கொண்டால்' என்ற சொல்லை மறந்த இடத்திலிருந்துதான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

## 3. அப்படியானால் மருந்துக்குப் பலன் இல்லாமலிருக்க 4% வாய்ப்புதானே?

இல்லை. மிகப் பரவலான பிழை இதுதான். இதைப் புரிந்துகொள்ளத் தேவையானது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேறு பாடத்தில்.

ஒரு பரிசோதனையின் ஸ்பெசிஃபிசிட்டி 95% என்றால், நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். அதை வைத்து, 'பாசிட்டிவ் வந்தவர்களில் 5% பேருக்குத்தான் நோய் இல்லை' என்று எந்த மாணவரும் சொல்வதில்லை. ஊரில் அந்த நோய் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்கிறீர்கள். அரிதான நோய் என்றால் பாசிட்டிவ்களில் பாதிக்கு மேல் பொய்யாகவும் இருக்கலாம்.

பி-மதிப்பும் அதே வகைதான். 'பலன் இல்லாதபோது இப்படிப்பட்ட முடிவு வரும் வாய்ப்பு' ஒன்று. 'இப்படிப்பட்ட முடிவு வந்தபோது பலன் இல்லாமலிருக்கும் வாய்ப்பு' இன்னொன்று. முதலாவது பி-மதிப்பு. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவருக்கு வேண்டியது இரண்டாவது. பி-மதிப்பை மட்டும் வைத்து அதைக் கணக்கிட வழியில்லை.

கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1,000 புதிய மருந்துகள் சோதிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 100-க்குத்தான் உண்மையில் பலன் உண்டு. ஆய்வுகளின் பவர், அதாவது உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, 80%; எல்லைக்கோடு 0.05.

பலன் உள்ள 100-இல் 80 கோட்டைத் தாண்டும், அதாவது பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வரும். பலன் இல்லாத 900-இல் 5%, அதாவது 45, தற்செயலாகத் தாண்டும். தாண்டியவை மொத்தம் 125. அவற்றில் 45 பொய், அதாவது 36%. தொடக்கத்திலேயே பாதி மருந்துகளுக்குப் பலன் உண்டு என்றால் 400 உண்மைக்கு 25 பொய் வரும். பொய்யின் பங்கு சுமார் 6% ஆகிவிடும். 0.05 என்ற கோடு மாறவில்லை, பவர் மாறவில்லை. மாறியது முன்பே இருந்த நம்பகம் மட்டும்.

இந்தக் கணக்கு 0.05-க்குக் கீழே வந்த எல்லா முடிவுகளையும் சேர்த்துப் போட்டது. அவற்றில் 0.001 போன்றவையும் அடங்கும். 0.04 போலக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும் முடிவுகளை மட்டும் தனியே எடுத்தால் பொய்யின் பங்கு இன்னும் கூடும்.

## 4. 'இந்த முடிவு தற்செயலாக வந்திருக்க 4% வாய்ப்பு' என்று எழுதலாமா?

கூடாது. இது மூன்றாவது கேள்வியின் பிழையேதான், சட்டை மட்டும் வேறு. 'தற்செயலாக வந்தது' என்றால் 'பலன் இல்லை' என்றுதான் பொருள். பி-மதிப்போ பலன் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. தான் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட ஒன்றுக்கு அது வாய்ப்புக் கூற முடியாது. விளக்கவுரைகளில் இந்த வாக்கியம் அடிக்கடி வருவதால் பாதுகாப்பானது போலத் தோன்றும். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

## 5. பி-மதிப்பு சிறிதாக இருந்தால் பலன் பெரிதா?

லிமிட்-2-இன் அதே 2.5 வித்தியாசத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வில் 2,316 பேருக்குப் பதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 580 பேர் மட்டும் இருந்திருந்தால் திட்டப் பிழை இரட்டிப்பாகி 2.4 ஆகும், பி-மதிப்பு 0.3 அளவுக்கு ஏறும். நான்கு மடங்கு ஆட்கள் இருந்திருந்தால் பி-மதிப்பு 0.0001-க்கும் கீழே போகும். மூன்றிலும் மருந்து காப்பாற்றுவது 100-க்கு 2.5 பேரைத்தான்.

மறுபக்கமும் பாருங்கள். 58,000 பேர் கொண்ட ஆய்வில் வித்தியாசம் 0.45 ஆக இருந்தாலே `p = 0.04` வந்துவிடும். பி-மதிப்பு ஒன்றே. ஆனால் முதலாவதில் ஓர் உயிரைக் காக்க 40 பேருக்கு மருந்து தர வேண்டும், இரண்டாவதில் ஏறக்குறைய 220 பேருக்கு. வார்டில் எடுக்க வேண்டிய முடிவு இந்த 40-க்கும் 220-க்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் வித்தியாசத்தை முதலில் குறிக்கச் சொன்னோம்.

## 6. அதே ஆய்வைத் திரும்பச் செய்தால் 96% முறை இதே முடிவு வருமா?

வராது. மருந்தின் உண்மையான பலன் சரியாக 2.5 தான் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அதே அளவில் ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் கிடைக்கும் வித்தியாசங்கள் 2.5-இன் இரு பக்கமும் சிதறும். 0.05 கோட்டைத் தாண்டக் குறைந்தது 2.3 வேண்டும். 2.5-க்கும் 2.3-க்கும் இடையே அதிக தூரம் இல்லை. ஆகவே பாதிக்குச் சற்றே அதிகமான முறைகளில்தான், சுமார் 56%, மறுபடி கோட்டைத் தாண்டும்.

நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அதுவும் உண்மையான பலன் கிடைத்த அளவுக்கே இருந்தால். குறைவாக இருந்தால் இதுவும் இறங்கும்.

## 7. p = 0.07. பலன் இல்லை என்று முடிவு செய்யலாமா?

1995-இல் ஐசிஸ்-4 வெளியானது. 58,050 பேர். 35 நாட்களுக்குள் மரணம்: மெக்னீசியம் பெற்றவர்களில் 7.64%, பெறாதவர்களில் 7.24%. `p = 0.07`.

இங்கே இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். சிலர் '0.05-க்கு மேல், ஆகவே இரண்டும் சமம் என்று நிரூபணம்' என்கிறார்கள். வேறு சிலர் '0.07 கோட்டை நெருங்கிவிட்டது, ஆகவே மெக்னீசியம் கொல்லும் போக்கு தெரிகிறது' என்கிறார்கள். இரண்டுமே பி-மதிப்பிலிருந்து மட்டும் வந்த பேச்சு.

இடைவெளியைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 0.40, மெக்னீசியம் குழுவில் அதிகம். திட்டப் பிழை சுமார் 0.22. 95% இடைவெளி, 100-க்கு 0.03 மரணம் குறைவதிலிருந்து 0.83 மரணம் கூடுவது வரை. அதாவது மெக்னீசியத்துக்கு மிகச் சாதகமான ஓரத்தை எடுத்தாலும் 10,000 பேரில் 3 பேர்தான் பிழைப்பார்கள். லிமிட்-2 சொன்ன 100-க்கு 2.5 இந்த இடைவெளிக்குள் வரவே இல்லை. ஐசிஸ்-4 வழமையான பயன்பாட்டுக்கு எதிராகப் பேசியது 0.07 என்பதால் அல்ல, இடைவெளி இவ்வளவு குறுகியதாக இருந்ததால்.

இப்போது ஐந்தாவது கேள்வியில் கற்பனை செய்த 580 பேர் ஆய்வை இதன் பக்கத்தில் வையுங்கள். அதுவும் கோட்டைத் தாண்டவில்லை. அதன் இடைவெளியோ 100-க்கு 7 பேர் பிழைப்பதிலிருந்து 2 பேர் கூடுதலாக இறப்பது வரை நீளும். அந்த ஆய்வு 'பலன் இல்லை' என்று சொல்லவில்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'நான்-சிக்னிஃபிகன்ட்' என்று பெயர் ஒட்டுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

## 8. p = 0.96. ஆக, 96% உறுதியாகப் பலன் இல்லையா?

ஐசிஸ்-4-இல் மெக்னீசியம் தாமதமாகக் கொடுக்கப்பட்டது, அதனால்தான் பலன் தெரியவில்லை என்ற வாதம் எழுந்தது. நியாயமான வாதம்தான், லிமிட்-2-இல் அது இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு முன்பே தொடங்கப்பட்டிருந்தது. அதைத் தீர்க்கத்தான் 6,213 பேரில் சீக்கிரமாகக் கொடுத்துப் பார்த்த மேஜிக் ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வந்தது. 30 நாள் இறப்பு மெக்னீசியம் குழுவில் 15.3%, பிளசீபோ குழுவில் 15.2%. `p = 0.96`.

இந்த 0.96-உம் பலன் இல்லாமலிருக்கும் வாய்ப்பு அல்ல. இரு குழுக்களின் எண்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஆய்வு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பி-மதிப்பு 1-ஐ நெருங்கும். குழுவுக்குப் பத்துப் பேர், இரு பக்கமும் ஒருவர் இறந்தார் என்றாலும் `p = 1` தான். அதை வைத்து மருந்தைக் கைவிடுவீர்களா?

மேஜிக்கைப் படிக்க வேண்டிய இடம் ஆட்ஸ் ரேஷியோ 1.0, இடைவெளி 0.9 முதல் 1.2 வரை என்ற வரி. பெரிய பலன் இருந்திருந்தால் இதற்குள் அடங்காது. பத்தில் ஒரு பங்கு குறையும் சிறு பலனை இந்த ஆய்வு தனியாக விலக்கிவிடவில்லை. ஐசிஸ்-4-ஐயும் சேர்த்துப் படிக்கும்போதுதான் படம் முழுமையாகிறது.

## 9. p < 0.001 என்றால் கண்ணை மூடி நம்பலாமா?

இதற்கும் மெக்னீசியத்திலேயே விடை உண்டு. 1991-இல் சிறிய ஆய்வுகள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. மெக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 மரணம், பெறாத 644 பேரில் 53. `p < 0.001`. லிமிட்-2-ஐவிட எவ்வளவோ 'உறுதியான' எண். நான்கு ஆண்டுகளில் ஐசிஸ்-4 அதைக் கவிழ்த்தது.

இரண்டாம் பகுதியில் 'ஆய்வும் ஒழுங்காக நடந்திருந்தால்' என்று ஒரு துணைநிபந்தனை வந்ததே, அதைத் திரும்பிப் பாருங்கள். பலன் காட்டிய சிறு ஆய்வுகள் அச்சேறி, காட்டாதவை இழுப்பறையில் கிடந்துவிட்டால் தொகுப்பில் சேர்வது ஒரு பக்கச் சாட்சி மட்டும். இந்த ஏழு ஆய்வுகளின் விஷயத்தில் பலராலும் முன்வைக்கப்பட்ட சந்தேகம் அதுதான். பி-மதிப்பு அளப்பது குலுக்கலின் ஏற்ற இறக்கத்தை. குலுக்கல் சரியாக மறைக்கப்படாதது, பின்தொடர்தலில் ஆட்கள் தவறியது, வெளியிடாமல் விட்டது, இவற்றில் எதையும் அது பார்ப்பதில்லை. 0.001-க்குப் பின் இன்னும் எத்தனை பூஜ்யம் சேர்ந்தாலும் பார்க்காது.

## 10. ஆண்களில் p = 0.03, பெண்களில் p = 0.21. ஆண்களுக்கு மட்டும்தான் பலனா?

எம்.டி. தீசிஸ்களில் மிக அதிகமாகத் தென்படும் பிழை. ஒரு பக்கம் கோட்டைத் தாண்டியது, மறுபக்கம் தாண்டவில்லை என்பதால் இரண்டும் வேறு என்று ஆகாது.

கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். ஆண்களில் வித்தியாசம் 3.0, திட்டப் பிழை 1.4. பெண்களில் வித்தியாசம் 2.0, திட்டப் பிழை 1.6. மேலே உள்ள பி-மதிப்புகள் இவற்றிலிருந்து வந்தவை. கேட்க வேண்டிய கேள்வி, 3.0-க்கும் 2.0-க்கும் இடையே உள்ள 1.0 பெரிதா என்பது. அதன் திட்டப் பிழை, `sqrt(1.4^2 + 1.6^2)`, சுமார் 2.1. வகுத்தால் 0.47; பி-மதிப்பு 0.64. ஆணுக்கும் பெண்ணுக்கும் பலன் வேறு என்று சொல்ல ஆதாரமே இல்லை. இதைத்தான் இன்டராக்‌ஷன் சோதனை என்கிறோம். கட்டுரையில் அது இல்லையென்றால் துணைக்குழு முடிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மாரடைப்பில் ஆஸ்பிரினைச் சோதித்த, 17,187 பேர் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வின் ஆய்வாளர்கள் இந்த ஆபத்தைக் காட்டவே 1988-இல் தங்கள் கட்டுரையில் நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மொத்தத்தில் ஆஸ்பிரின் இறப்பைத் தெளிவாகக் குறைத்தது. மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களில் மட்டும் பலன் தெரியவில்லை, சற்றே தீங்குபோலக்கூடத் தோன்றியது. ராசி பார்த்து ஆஸ்பிரின் கொடுக்காமல் விட யாரும் துணியமாட்டார்கள். அதே துணிவின்மை வயதுவாரி, சர்க்கரை நோய்வாரி அட்டவணைகளைப் பார்க்கும்போதும் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 ஒப்பீடுகளைச் செய்தால், எதிலும் பலன் இல்லாதபோதும், குறைந்தது ஒன்றாவது 0.05-ஐத் தாண்ட 64% வாய்ப்பு உண்டு.

## 11. தீசிஸில் எப்படி எழுதுவது?

அளவை முதலில், இடைவெளியை அடுத்து, பி-மதிப்பைக் கடைசியில் எழுதுங்கள். 'மெக்னீசியம் இறப்பை சிக்னிஃபிகன்ட்டாகக் குறைத்தது (`p = 0.04`)' என்ற வாக்கியத்தில் படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அதையே இப்படி எழுதலாம்: '28 நாள் இறப்பு மெக்னீசியம் குழுவில் 7.8%, பிளசீபோ குழுவில் 10.3%, ஒப்பீட்டுக் குறைவு 24%, 95% இடைவெளி 1% முதல் 43% வரை, `p = 0.04`.' இடைவெளியின் கீழ் ஓரம் 1% என்பதைப் பார்த்ததுமே, பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம் என்று படிப்பவர் தானே உணர்வார்.

கோட்டைத் தாண்டாத முடிவுக்கு 'வித்தியாசம் இல்லை' என்று எழுதாதீர்கள். 'இந்த அளவு வரையிலான பலனையோ தீங்கையோ இந்த ஆய்வால் விலக்க முடியவில்லை' என்று இடைவெளியின் இரு ஓரங்களையும் எண்ணாகவே சொல்லுங்கள்.

`p < 0.05` என்று மட்டும் எழுதாமல் 0.04, 0.012 என்று உள்ள எண்ணையே எழுதுங்கள், 0.049-ஐயும் 0.002-ஐயும் ஒன்றாகக் காட்டுவது தகவலை மறைப்பதாகும். `SPSS` அட்டவணையில் `.000` என்று வந்தால் அப்படியே நகலெடுக்காதீர்கள். பி-மதிப்பு பூஜ்யமாகவே ஆவதில்லை, திரையில் மூன்று தசம இடங்கள்தான் தெரிகின்றன. `p < 0.001` என்று எழுதுங்கள்.